பனிக்காலத்தில் பாட்டியின் கால் ஏன் அரிக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளியை ஒட்டிய ஒரு கிராமத்தின் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியும் தையும் வந்தால் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே பிள்ளைகள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்பார்கள்.

அப்படி ஒரு தை மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்க பாட்டிக்குக் கால்ல சொறி வந்திருக்கு. நீங்க சொன்ன மாதிரியே தினமும் ரெண்டு வேளை சோப்பு போட்டு, சுடுதண்ணில தேய்ச்சு விடுறேன். இன்னும் அதிகமாத்தான் ஆகுது" என்றாள். தம்பிக்குத் தொற்றிவிடும் என்று பயந்து பாட்டியைத் திண்ணையில் தனியாகப் படுக்கச் சொல்லிவிட்டார்களாம். எட்டு மாதக் குழந்தையைப் பாட்டி தூக்கி இருபது நாட்களாகிவிட்டன.

"நீங்க சொன்ன மாதிரியே" என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. கார்த்திகையில் தன்சுத்தம் பற்றிய பாடத்தில், "உடம்பு அரித்தால் அழுக்கு இருக்கிறது என்று பொருள். நன்றாகச் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளியுங்கள்" என்று சொன்னது நான்தான். விளையாடிவிட்டு வரும் பதினான்கு வயதுப் பிள்ளைகளை நினைத்துச் சொன்னேன். அதை ஒரு குழந்தை எழுபத்திரண்டு வயதுப் பாட்டியின் காலுக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கே பார்த்ததும், பிறகு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் விளக்கியதும், அதை வைத்து வகுப்பில் நாங்கள் செய்ததும்தான் இந்தக் கட்டுரை.

காலில் என்ன இருந்தது?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில், கணைக்காலின் முன்பக்கத்தில், தொட்டால் எலும்பு தட்டுப்படும் இடத்தில்தான் பாதிப்பு. இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. தோல் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. அதன்மேல் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. கோடைக்காலத்தில் ஏரித் தரை வறண்டு பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அதைச் சிறிதாக்கி வரைந்த மாதிரி இருந்தது. சில கோடுகள் சிவந்து, ஓரிரண்டு இடங்களில் நகக்கீறல் பட்டுப் பொருக்கு கட்டியிருந்தது.

கை விரல் இடுக்குகளைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. மணிக்கட்டிலும் இடுப்பிலும் எதுவும் இல்லை. "வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா பாட்டிம்மா?" என்று கேட்டேன். "இல்ல கண்ணு, எனக்கு மட்டுந்தான். ராத்திரி கம்பளியைப் போர்த்தினா போதும், பிச்சுக்கிட்டு வருது" என்றார். மறுநாள் மகனோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, இது சிரங்கு இல்லை, யாருக்கும் ஒட்டாது, வயதாலும் பனிக்காலத்தாலும் தோல் வறண்டு வரும் அழற்சி என்று சொல்லியிருக்கிறார். மருத்துவத்தில் இதற்கு ஆஸ்டியடோடிக் எக்சிமா என்று பெயர். எண்ணெய்ப் பசை குறைந்ததால் வரும் தோல் அழற்சி என்பது அதன் பொருள்.

இது எந்த எண்ணெய், எதனால் குறைகிறது என்ற கேள்வியைத்தான் மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

தோலில் இரண்டு வகை எண்ணெய்

"தோலுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டதும் வகுப்பு ஒரே குரலில் "எண்ணெய்ச் சுரப்பி" என்றது. சரியான விடைதான். ஆனால் பாதி விடை. நானும் பல ஆண்டுகளாக அந்தப் பாதியோடு நிறுத்தியிருக்கிறேன்.

எண்ணெய்ச் சுரப்பிகள் மயிர்க்கால்களோடு ஒட்டியிருப்பவை. அவை சுரக்கும் பசைக்குச் சீபம் என்று பெயர். முகத்திலும் தலையிலும் இவை மிக நெருக்கமாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு என்ற அளவில் இருக்கின்றன. கை கால்களில் மிகக் குறைவு. உள்ளங்கை, உள்ளங்காலில் இல்லவே இல்லை. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் இவை சுறுசுறுப்பாகின்றன. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் நெற்றியில் பருவோடு உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். வயதாகும்போது அதே ஹார்மோன்கள் குறைய, சுரப்பும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இந்த இறக்கம் தெளிவாகத் தெரியும். ஆண்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், சின்னப் பிள்ளைங்களுக்கும் அந்தச் சுரப்பி அதிகமா வேலை செய்யாதுன்னு சொன்னீங்க. அப்படின்னா என் தங்கச்சிக்கும் கால் இப்படி வெடிச்சிருக்கணுமே?" என்று கேட்டான்.

அந்த ஆண்டு என் வகுப்பில் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. ஐந்து வயதுக் குழந்தைக்குச் சீபம் மிகக் குறைவு. பனிக்காலத்தில் அதன் காலும் கொஞ்சம் வெளுக்கும். ஆனால் பாட்டியின் கால்போல் பாளமாக வெடிப்பது அரிது. அப்படியானால் கணைக்காலைக் காப்பது சீபம் மட்டுமாக இருக்க முடியாது. அங்கே வேறொரு எண்ணெய் வேலை செய்கிறது.

அந்த இரண்டாவது எண்ணெயைச் சுரப்பிகள் தருவதில்லை, புறத்தோலின் செல்களே தயாரிக்கின்றன. நம் தோலின் மேற்பகுதி கெரட்டின் நிறைந்த இறந்த செல்களால் ஆனது. கணைக்கால் போன்ற இடங்களில் இவை பதினைந்து இருபது அடுக்குகளாக இருக்கும். எல்லாம் சேர்ந்தும் ஒரு தாளைவிட மெல்லியதுதான். இந்த அடுக்கைச் செங்கல் சுவரோடு ஒப்பிடுவது வழக்கம். செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையில் உள்ள கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் இருக்கின்றன. உடலின் நீர் வெளியே ஆவியாகிவிடாமல் தடுப்பது இந்தச் சாந்துதான். மேலே மெழுகு பூசியதுபோல் படர்வது சீபம். சுரப்பிகள் குறைந்த கணைக்காலில் அந்த மேல்பூச்சு எப்போதுமே சொற்பம். அங்கே சுவர் நிற்பது சாந்தின் பலத்தில்தான்.

குழந்தையிடம் மேல்பூச்சு இல்லை, ஆனால் சாந்து சரியாக இருக்கிறது. பாட்டியிடம் மேல்பூச்சும் இல்லை, சாந்தும் குறைந்துவிட்டது. மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்.

வயதானால் சாந்து ஏன் குறைகிறது?

இறந்த அடுக்குக்குச் சற்றுக் கீழே உள்ள உயிருள்ள செல்கள் இந்தக் கொழுப்பைத் தயாரித்துச் சின்னஞ்சிறு பைகளில் அடைத்து வைக்கின்றன. செல் மேலே நகர்ந்து இறக்கும் தறுவாயில் பைகள் திறந்து, கொழுப்பு செல்களுக்கு இடையில் கொட்டுகிறது. வயதாகும்போது இந்தத் தயாரிப்பின் வேகம் குறைகிறது. முதியவர்களின் மேலடுக்கில் உள்ள மொத்தக் கொழுப்பு இளையவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அளவு குறைவதைவிட, பழுது பார்க்கும் வேகம் குறைவது பெரிய சிக்கல். சோப்பு போட்டுத் தேய்க்கும்போது கொஞ்சம் சாந்து எல்லோருக்கும் கரைந்து போகிறது. இளந்தோல் அதை விரைவில் நிரப்பிவிடும். முதிய தோலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் வேண்டும். என் மாணவி தினமும் இரண்டு வேளை தேய்த்தாள். முதல்நாள் இழந்ததை ஈடுகட்டும் முன்பே அடுத்த இழப்பு வந்து சேர்ந்தது. பழைய கடன் அடையும் முன் புதுக் கடன் வாங்கும் குடும்பத்தின் கணக்கு என்று சொன்னேன், பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது.

சாந்து குறைந்தால் நீர் தப்பிக்கிறது. மேலடுக்கின் நீர் ஏறக்குறைய பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளையும் தன்மையை இழந்து, காய்ந்த வாழை மட்டைபோல் விறைத்துவிடும். நடக்கும்போது தோல் இழுபடும், விறைத்த அடுக்கு வெடிக்கும். அதுதான் ஏரித் தரைக் கோடுகள்.

வெள்ளைச் செதிலுக்கும் நீர்க்குறைவுதான் காரணம். இறந்த செல்கள் ஒன்றோடொன்று நுண்ணிய பிணைப்புகளால் இணைந்திருக்கின்றன. தோலில் உள்ள நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிட, செல்கள் ஒவ்வொன்றாக நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. அந்த நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும். நீர் இல்லாவிட்டால் பிணைப்பு அறுபடாது. செல்கள் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு, ஓரம் தூக்கி நிற்கும். நாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கும் வெள்ளைப் பொடி இதுதான். அதை நார் போட்டுத் தேய்த்து எடுப்பது, சுவரின் செங்கல்லைப் பெயர்ப்பதற்குச் சமம்.

பனி ஈரமாயிற்றே, பிறகு ஏன் காய்கிறது?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் "குளிர்காலக் காற்று வறண்டது" என்று சொன்னால் நம்பமாட்டார்கள். காலையில் புல்லெல்லாம் நனைந்திருக்கிறது, ஓட்டிலிருந்து பனி சொட்டுகிறது. காற்று வறண்டது என்றால் இந்த நீர் எங்கிருந்து வந்தது?

இதைக் கணக்குப் போட்டே பார்த்தோம். ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 12 டிகிரி செல்சியஸில் 10.7 கிராம், 24 டிகிரியில் 21.8 கிராம், 28 டிகிரியில் 27.2 கிராம், 30 டிகிரியில் 30.4 கிராம். இந்த நான்கு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

விடியற்காலையில் வெப்பநிலை 12 டிகிரி, காற்று நீராவியால் நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். ஈரப்பதம் நூறு சதவீதம். ஆனால் ஒரு கன மீட்டரில் இருப்பது 10.7 கிராம் மட்டுமே. வெயில் ஏறி மதியம் 28 டிகிரி ஆகிறது. புதிதாக நீராவி சேரவில்லை என்றால், 10.7 ஐ 27.2 ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். விடை 39 சதவீதம். காலையில் சொட்டிய அதே காற்று மதியம் வறண்ட காற்றாகிவிட்டது.

அடுத்தது இன்னும் முக்கியம். விடியற்காலையிலேயே அந்தக் காற்று பாட்டியின் காலைத் தொடுகிறது. கம்பளிக்குள் இருக்கும் காலின் மேற்பரப்பு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காலை ஒட்டிய காற்று அந்த வெப்பநிலைக்குச் சூடாகும்போது, 10.7 ஐ 30.4 ஆல் வகுத்தால், 35 சதவீதம்தான் ஈரப்பதம். வெளியே பனி கொட்டும்போதும் கால் இருப்பது வறண்ட காற்றில்!

ஒப்பிட்டுப் பார்க்க ஐப்பசி மழை நாளை எடுத்தோம். 24 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் நீராவி 19.6 கிராம். காலருகே 30 டிகிரியில் அது 64 சதவீதம். மழைக்காலத்தில் பாட்டிக்குக் கால் அரிக்காததும் தை மாதத்தில் அரிப்பதும் ஒரே வகுத்தலில் விளங்கிவிட்டது. கணித ஆசிரியரும் இந்தக் கணக்கை விகிதம், சதவீதம் பாடத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வறட்சியோடு எங்கள் ஊர்ப் பழக்கங்களும் சேர்கின்றன. விறகடுப்பில் கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பது ஒன்று. வெந்நீர் கொழுப்பை இளக்க, சோப்பு அதை எளிதாக அள்ளிக்கொண்டு போகும். மாலையில் சுள்ளி எரித்து, அதன்முன் குந்தி உட்கார்ந்து குளிர்காய்வது இன்னொன்று. அப்போது நெருப்புக்கு மிக அருகில் நேராக இருப்பது கணைக்காலின் முன்பக்கம்தான்.

வகுப்பறையில் செய்து பார்க்க

முதலாவது, சிவப்பு லிட்மஸ் தாள். குளியல் சோப்பைச் சிறிது நீரில் கரைத்து அதில் தோய்த்தால் தாள் நீலமாகும். சோப்பு காரத்தன்மை உடையது. நம் தோலின் மேற்பரப்போ இலேசான அமிலத்தன்மை கொண்டது. சாந்தைத் தயாரிக்க உதவும் நொதிகளுக்கு அந்த அமிலத்தன்மை தேவை. சோப்பு கொழுப்பைக் கழுவுவதோடு, அதை மீண்டும் உருவாக்கும் வேலையையும் சில மணி நேரம் தாமதப்படுத்துகிறது.

இரண்டாவது, உருளைக்கிழங்கு. தோல் சீவி, அரை சென்டிமீட்டர் தடிமனில் ஒரே அளவாக மூன்று வில்லைகள் வெட்டவும். ஒன்றை அப்படியே விடவும். இரண்டாவதில் தேங்காய் எண்ணெயையும், மூன்றாவதில் பெட்ரோலியம் ஜெல்லியையும் எல்லாப் பக்கமும் பூசவும். பூசியபின் மூன்றையும் எடைபோட்டு, தட்டில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் எடைபோடவும். எதுவும் பூசாத வில்லை ஓரம் சுருண்டு மிக அதிக எடையை இழந்திருக்கும். ஜெல்லி பூசியது மிகக் குறைவாக இழந்திருக்கும். எண்ணெய் இடையில் நிற்கும். இழப்பைச் சதவீதமாக மாணவர்களே கணக்கிடட்டும். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிழங்கு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளாது, உயிருள்ள தோல் பார்த்துக்கொள்ளும். பூச்சு நீரைத் தடுத்து நிறுத்துவதை மட்டும்தான் இந்தச் சோதனை காட்டும்.

எண்ணெய் தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை, இருக்கும் நீர் போகாமல் மூடி வைக்கிறது என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து தாமே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எண்ணெயை எப்போது பூச வேண்டும் என்று கேட்டேன். "குளிச்ச உடனே, ஈரம் காயறதுக்குள்ள" என்ற விடையும் அவர்களிடமிருந்தே வந்தது.

மூன்றாவது மிக எளியது, தொடக்கப் பள்ளியிலும் செய்யலாம். வறண்டு வெளுத்திருக்கும் கையில் ஒரு பாதியில் தண்ணீரையும், மறு பாதியில் ஒரு துளி எண்ணெயையும் தடவச் சொல்லுங்கள். இரண்டிலும் வெள்ளை மறையும். தூக்கி நிற்கும் செதில்களுக்கு இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடைவெளியை நீரோ எண்ணெயோ நிரப்பினால் சிதறல் குறைகிறது. எண்ணெய் பட்ட தாள் ஒளி ஊடுருவுவதும் இதனால்தான். சில நிமிடங்களில் தண்ணீர்ப் பக்கம் மறுபடி வெளுக்கும், எண்ணெய்ப் பக்கம் வெளுக்காது.

பாட்டியின் வீட்டில் மாறியவை

மருத்துவர் சொன்னவற்றை மாணவி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஒரு குளியல், பத்து நிமிடத்துக்குள். முழங்கை நனைத்துப் பார்த்தால் சூடு உறைக்காத வெதுவெதுப்பான நீர். அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு, கணைக்காலுக்குத் தண்ணீர் போதும். நாரும் கல்லும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மூன்று நிமிடத்துக்குள் பூச்சு. இரவு படுக்கும்முன் இன்னொரு முறை, ஈரத்துணியால் காலை நனைத்துவிட்டு.

எதைப் பூசுவது என்பதில் வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. "எண்ணெய் வெச்சுத்தான் குளிக்கிறேன், வாரம் ரெண்டு வாட்டி" என்றார் பாட்டி. எண்ணெய் தேய்த்து, ஊறி, பிறகு சீயக்காயும் சோப்பும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை தேய்க்கிறார். பூசிய எண்ணெயோடு தோலின் சொந்தக் கொழுப்பும் போய்விடுகிறது. காலைப் பொறுத்தவரை எண்ணெய், குளியலுக்குப் பின் வர வேண்டும்.

வெடிப்பு ஆறும்வரை பெட்ரோலியம் ஜெல்லி, பிறகு தேங்காய் எண்ணெய் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் தை மாதத்தில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து கிடக்கும், ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும். வெந்நீரில் உருக்க வேண்டியதில்லை. கட்டியைக் கரண்டியால் சுரண்டி உள்ளங்கையில் வைத்தால் உடல் சூட்டிலேயே உருகிவிடும். இரண்டு கணைக்காலுக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி போதும். மயிர் வளரும் திசையில், மேலிருந்து கீழாக மெல்லத் தடவ வேண்டும். உள்ளங்காலில் படக்கூடாது, வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். எண்ணெய் பூசிய காலோடு அடுப்பருகே போவதும் கூடாது.

சிவந்த இடங்களுக்கு மருத்துவர் ஒரு வாரத்துக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார். அரிப்பு நின்றுவிட்டதே என்று அதையே மாதக்கணக்கில் மருந்துக் கடையில் வாங்கிப் பூசினால், ஏற்கெனவே மெலிந்த முதிய தோல் இன்னும் மெலியும். கம்பளிக்கும் காலுக்கும் நடுவில் ஒரு பழைய பருத்தி வேட்டியைப் போர்த்திக்கொள்ளச் சொன்னார். கம்பளி உரசலும் சூடும் அரிப்பைத் தூண்டும். சொறிந்தால் சுவர் மேலும் உடையும், உடைந்தால் மேலும் அரிக்கும்.

முதல் நான்கு நாட்களில் அரிப்பு பாதியாகி, பாட்டி இரவில் தூங்க ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் கோடுகள் மங்கின. மூன்றாம் வாரம் குணமாகிவிட்டது என்று பூச்சை நிறுத்தினார். ஐந்தே நாளில் சாம்பல் மறுபடி பூத்தது. சாந்து தயாரிப்பு பழைய வேகத்துக்குத் திரும்பாது, பனிக்காலம் முடியும்வரை தினமும் பூச வேண்டும் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

எப்போது வேறு ஏதோ என்று சந்தேகிக்க வேண்டும்?

பிள்ளைகள் நம்மிடம் வந்து கேட்கும்போது நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலையாகாது. ஆனால் எது பொறுக்கலாம், எது பொறுக்கக்கூடாது என்று தெரிந்திருப்பது நல்லது.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். அது தொற்றும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடு தெளிந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். கணுக்காலின் உட்பக்கம் கறுத்து, மாலையில் கால் வீங்கினால் இரத்த நாளங்களைப் பார்க்க வேண்டும். அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சி குறைந்த வெளிர் படை இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனைக்குத் தாமதிக்கக்கூடாது. காலில் மட்டுமல்லாமல் உடல் முழுதும் அரிப்பு, கண்ணுக்குத் தெரியும் தடிப்பு எதுவும் இல்லை என்றால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்வார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த வறட்சியே ஆபத்தின் தொடக்கமாகலாம். கணைக்காலின் முன்புறம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை இல்லை, முதியவர்களுக்குக் காலில் இரத்த ஓட்டமும் குறைவு. நகக்கீறல் புண்ணாகி, சீழ் வைத்தால் ஆற மாதங்களாகும். வெடிப்பில் நீர் வடிந்தாலோ, சுற்றிலும் சூடாகிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் சர்க்கரை பார்க்கும்போதே காலையும் காட்டச் சொல்லி மாணவர்களிடம் சொல்லியனுப்பலாம்.

நான் என் தன்சுத்தப் பாடத்தைத் திருத்திக்கொண்டேன். "அரித்தால் சோப்பு போட்டுத் தேய்" என்ற வரி இப்போது அதில் இல்லை. "யாருடைய தோல், எந்த வயது, எந்த மாதம்?" என்ற கேள்வியை முதலில் கேட்கிறேன். இந்த ஆண்டு கார்த்திகை முடியும் முன்பே, வீட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களின் காலைப் பார்த்து வந்து சொல்வதை எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.

அந்த மாணவியின் வீட்டுக்கு மாசி மாதத்தில் ஒருமுறை போனேன். திண்ணையில் படுக்கை இல்லை. பாட்டி உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் படுக்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "டீச்சரம்மா, புள்ளைக்குத் தேய்ச்ச எண்ணெய் என் காலுக்கும் ஆச்சு" என்று சிரித்தார். அந்த எண்ணெய் சோப்புக்கு முன் பூசியது, அதனால் குளிப்பாட்டி முடித்ததும் காலுக்கு மறுபடி பூச வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே, பேத்தி எண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றாள்.